குழலின் நீளமும் சுரத்தின் உயர்வும்

கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதி கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டு நிலமாகும். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்காக வந்து குடியேறிய தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக இங்கு வாழ்ந்து வருகின்றனர். மார்கழி மாதத்து விடியற்காலையில் இங்கு உஷ்ணநிலை 15 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு இறங்குவதுண்டு. அத்தகைய குளிரில் பஜனைக்காகக் குழலையும் ஆர்மோனியத்தையும் ஒன்றுசேர்க்க முயலும் ஒருவர், முந்திய கோடையில் ஒன்றோடொன்று நன்கு இசைந்திருந்த அவ்விரு கருவிகளும் இப்போது பொருந்தாமல் நிற்பதைக் காண்பார். ஆர்மோனியத்தின் ஷட்ஜம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குழலின் ஷட்ஜமோ சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டையும் ஒருசேர ஒலித்தால் காதில் வேகமான ஒரு விம்மல் கேட்கிறது.

மூங்கில் நீளவில்லை, துளைகள் இடம் மாறவில்லை, விரல்களும் வழக்கமான துளைகளையே மூடியிருக்கின்றன. ஆயினும் சுரம் இறங்கிவிட்டது. குழலின் சுரத்தை அதன் நீளமே தீர்மானிக்கிறது என்று பள்ளியில் கற்பிக்கப்படுகிறது. அது உண்மையாயின், நீளம் மாறாதபோது சுரம் மாறுவானேன்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், குழலில் அதிர்வது எது, நீளம் என்று சொல்லப்படுவது எந்த நீளம் என்ற இரண்டையும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அதிர்வது எது?

வீணையில் தந்தி அதிர்கிறது. மிருதங்கத்தில் தோல் அதிர்கிறது. குழலில் அதிர்வது மூங்கில் அன்று; அதனுள் அடங்கிய காற்றே. இக்காற்றைக் காற்றுத் தம்பம் என்பர். உள் விட்டமும் துளைகளும் ஒரே அளவாக இருக்குமாயின், மூங்கிலாலான குழலும் உலோகத்தாலான குழலும் ஏறக்குறைய ஒரே சுரத்தையே தரும். மூங்கிலின் கடமை காற்றுத் தம்பத்துக்கு உறுதியான சுவராக நிற்பதேயாகும்.

ஊதுபவரின் உதடுகளிடையே வெளிப்படும் மெல்லிய காற்றுத் தாரை, வாய்த்துளையின் எதிர் விளிம்பில் சென்று மோதுகிறது. விளிம்பில் மோதிய தாரை நிலையாக நிற்பதில்லை. ஒரு கணம் துளைக்குள்ளும் மறுகணம் துளைக்கு வெளியிலுமாக ஊசலாடுகிறது. உள்ளே சென்ற ஒவ்வொரு முறையும் அது காற்றுத் தம்பத்துக்கு ஒரு சிறு தள்ளுதலை அளிக்கிறது. ஊஞ்சலை ஆட்டுபவர் அது தம்மிடம் திரும்பி வரும் சமயம் பார்த்துத் தள்ளுவது போல, இத்தள்ளுதல்களும் காற்றுத் தம்பத்தின் இயல்பான அதிர்வுக்கு ஒத்த காலத்தில் நிகழ்கின்றன. காலத்தைக் குறிப்பது ஊஞ்சலே. ஆட்டுபவர் அதற்கு இணங்குகிறார். அவ்வாறே தாரையின் ஊசலாட்டத்தைக் காற்றுத் தம்பம் தன் வசமாக்கிக்கொள்கிறது.

அத்தம்பத்தின் இயல்பான காலம் எது என்பதை எளிதில் அறியலாம். ஒரு தள்ளுதலால் உண்டான அழுத்த அலை குழலின் உள்ளே ஒலியின் வேகத்தில் ஓடித் திறந்த முனையை அடைகிறது. அங்கே அதன் பெரும்பகுதி வெளியேறிவிடுவதில்லை, எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்பி வந்த அலை வாய்த்துளையிலும் எதிரொலித்து மீண்டும் புறப்படுகிறது. போய்வர எடுத்துக்கொள்ளும் காலமே ஓர் அதிர்வின் காலம். 27 டிகிரியில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 347 மீட்டர் செல்லும். அலை ஓடவேண்டிய தம்பத்தின் நீளம் 60 சென்டிமீட்டர் எனின், போய்வரும் தொலைவு 1.2 மீட்டர். 347-ஐ 1.2-ஆல் வகுத்தால் 289 கிடைக்கும். எனவே அக்குழல் வினாடிக்கு 289 அதிர்வுகள் கொண்ட சுரத்தை ஒலிக்கும். தம்பத்தைப் பாதியாகக் குறைத்தால் அலை இரு மடங்கு முறை போய்வரும். சுரம் ஒரு ஸ்தாயி உயரும்.

மூடிய முனையால் எழும் மயக்கம்

இங்கு ஆசிரியர்களுக்கு அடிக்கடி நேரும் ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். குழலின் இடப்பக்க முனை மூங்கிலின் கணுவாலேயோ தக்கையாலேயோ அடைக்கப்பட்டிருக்கிறது. இதைக் கண்டு, குழல் ஒரு முனை மூடிய குழாய் வகையைச் சேர்ந்தது என்று கொள்வோர் உளர். அது தவறு. அடைப்பு வாய்த்துளைக்கு மிக அருகில் இருக்கிறது. வாய்த்துளையோ வெளிக் காற்றை நோக்கித் திறந்திருக்கிறது. ஆகவே காற்றுத் தம்பத்தின் ஒரு முனை வாய்த்துளை, மறு முனை முதலில் எதிர்ப்படும் திறந்த துளை, இரண்டும் திறந்தவையே. இரு முனைகளிலும் காற்று தாராளமாக அசைகிறது; அங்கே எதிர்க்கணுக்கள் அமைகின்றன. நடுவில் காற்று அசையாமல் அழுத்தம் மட்டும் ஏறி இறங்கும் கணு அமைகிறது.

இதை வகுப்பறையிலேயே சோதித்து அறியலாம். ஒரு பக்கம் கணுவுள்ள மூங்கில் துண்டில் கணுவுக்கு அருகே வாய்த்துளை மட்டும் இட்டு, வேறு துளைகள் இன்றி ஊதுக. ஒரு சுரம் எழும். பின்னர் மூச்சின் வேகத்தைக் கூட்டி ஊதினால் சுரம் சட்டென்று ஒரு ஸ்தாயி உயரும்; அதாவது அதிர்வெண் இரு மடங்காகும். இரு முனையும் திறந்த குழாய்க்குரிய இயல்பு இதுவே. ஒரு முனை மூடிய குழாயாக இருந்தால் அதிர்வெண் மும்மடங்காகி, மேல் ஸ்தாயியின் பஞ்சமம் கேட்டிருக்கும்.

அடுத்து, அதே துண்டின் தொலைமுனையை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு மெல்ல ஊதுக. சுரம் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி தாழ்ந்துவிடும். தம்பத்தின் நீளம் மாறவில்லை. ஆனால் ஒரு முனை உண்மையாகவே மூடியதாகிவிட்டது. மூடிய முனையில் எதிரொலிக்கும் அலை வேறு வகையாகத் திரும்புவதால், ஓர் அதிர்வு நிறைவுபெற அது இருமுறை போய்வர வேண்டியிருக்கிறது. இந்த ஒரு சோதனையே இரு வகைக் குழாய்களின் வேறுபாட்டை மாணவர் மனத்தில் பதியவைக்கப் போதுமானது.

அளவுகோல் காட்டாத நீளம்

இனி இரண்டாவது வினாவுக்கு வரலாம். நீளம் என்பது எந்த நீளம்? மேற்கூறிய மூங்கில் துண்டில் வாய்த்துளையின் நடுவிலிருந்து திறந்த முனை வரை அளவுகோலால் அளந்து 54 சென்டிமீட்டர் வந்ததாகக் கொள்க. 347-ஐ இரு மடங்கு நீளமான 1.08 மீட்டரால் வகுத்தால் 321 வரும். ஆனால் சுருதிபேதம் நன்கறிந்த ஒருவர் ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எழும் சுரம் 289-க்கு அருகில்தான் இருக்கக் காண்பார். வேறுபாடு ஒரு முழுச் சுரத்தின் அளவாகும். செய்தவர் தவறினாரா, சூத்திரம் தவறா என்று மாணவர் கேட்பர்.

இரண்டும் அல்ல. அலை திறந்த முனையை அடைந்த அக்கணமே திரும்பிவிடுவதில்லை. முனைக்கு வெளியே உள்ள காற்றும் ஓரளவு தம்பத்தோடு சேர்ந்து அசைகிறது. ஆகவே அலைக்குக் குழாய் தன் உண்மையான அளவைவிடச் சற்று நீண்டதாகவே தோன்றுகிறது. சாதாரணத் திறந்த முனையில் இந்த மிகை நீளம் உள் ஆரத்தில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு. விட்டம் 1.8 சென்டிமீட்டராயின் இது அரை சென்டிமீட்டர் அளவே. வாய்த்துளையிலோ நிலைமை வேறு. அது குழாயின் அகலத்தைவிடச் சிறியது. அதன் ஒரு பகுதியை ஊதுபவரின் உதடும் மறைத்துக்கொண்டிருக்கிறது. குறுகிய வாயில் வழியாக அசைய வேண்டியிருப்பதால் அங்குள்ள காற்று அதிகப் பளுவுள்ளது போல் நடந்துகொள்கிறது. இதனால் ஏற்படும் மிகை நீளம் ஐந்து சென்டிமீட்டரை ஒட்டி இருக்கக்கூடும். இவ்விரு மிகைகளையும் சேர்த்து முனைத் திருத்தம் என்பர். அளவுகோல் நீளமும் முனைத் திருத்தமும் சேர்ந்ததே காற்றுத் தம்பத்தின் பயன்படு நீளம்.

முனைத் திருத்தத்தை ஊகத்தால் கொள்ள வேண்டியதில்லை, சோதனையாலேயே காணலாம். அதே துண்டின் தொலைமுனையை அறுத்து, அளவுகோல் நீளத்தை 54-லிருந்து 39 சென்டிமீட்டராகக் குறைக்க வேண்டும். உதட்டை முன்போலவே வைத்து ஊதினால் 386 அதிர்வுகளுள்ள சுரம் கேட்கும். 289-க்கு உரிய பயன்படு நீளம் 60 சென்டிமீட்டர். 386-க்கு உரியது 45. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 15. அளவுகோலின்படியும் 54-க்கும் 39-க்கும் உள்ள வேறுபாடு 15 தான். எனவே இரு சமயங்களிலும் அளவுகோலுக்கு எட்டாமல் நின்ற நீளம் ஒன்றே. அது 6 சென்டிமீட்டர். ஒரு நீளத்தை மட்டும் அளந்து கணக்கிட்டால் விடை பிழையாகும். இரு நீளங்களை அளந்து அவற்றின் வேறுபாட்டைக் கொண்டால் முனைத் திருத்தம் தானாகவே நீங்கிவிடும். கல்லூரிச் சோதனைச் சாலைகளில் நீர் நிறைந்த குழாயையும் இசைக்கவையையும் கொண்டு ஒலியின் வேகத்தைக் காணும்போது இரண்டு ஒத்ததிர்வு நீளங்களைக் குறிப்பதன் காரணமும் இதுவே.

துளைகளின் வேலை

ஒவ்வொரு சுரத்துக்கும் மூங்கிலை அறுத்துக்கொண்டிருக்க இயலாது. அதற்கு மாற்றாகவே துளைகள் இடப்பட்டன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் குழலின் இலக்கணத்தை விரிவாகக் கூறுகிறார். குழலின் நீளம் 20 விரல்; இடமுகம் அடைபட்டும் வலமுகம் திறந்தும் இருக்கும்; அடைத்த பக்கத்தில் 2 விரல் நீக்கி வாய்த்துளை; அதிலிருந்து 7 விரல் விட்டு அடுத்த 9 விரல் இடத்தில் எட்டுத் துளைகள்; கடைசியில் 2 விரல் வெற்றிடம். எட்டில் ஒன்றை நீக்கி ஏழு துளைகளிலேயே விரல்கள் இயங்கும். இன்றைய கருநாடக இசைக் குழலிலும் வாய்த்துளை நீங்கலாக எட்டுத் துளைகளே உள்ளன. கடைசித் துளை எப்போதும் திறந்தே இருக்கிறது. விரல் படாத அத்துளைதான், எல்லா விரல்களும் மூடியிருக்கும்போது, தம்பத்தின் தொலைமுனையாக அமைகிறது.

ஏழு விரல்களும் மூடியிருக்கையில் கீழ் ஸ்தாயியின் பஞ்சமம் ஒலிக்கிறது. வாய்த்துளைக்கு அருகிலுள்ள இரு துளைகளை மட்டும் மூடினால் ஷட்ஜம். ஒன்றை மட்டும் மூடினால் ரிஷபம். எல்லாவற்றையும் திறந்தால் காந்தாரம். கீழ்ப் பஞ்சமத்துக்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள அதிர்வெண் விகிதம் 3-க்கு 4. எனவே பஞ்சமத்தின் பயன்படு நீளம் 60 சென்டிமீட்டராயின் ஷட்ஜத்துக்கு 45 இருத்தல் வேண்டும். ஷட்ஜத்தைவிட ரிஷபத்தின் அதிர்வெண் எட்டுக்கு ஒன்பதாக மிகுந்திருத்தலால் அதன் நீளம் 40. காந்தாரம் நான்குக்கு ஐந்தாக மிகுந்திருத்தலால் அதன் நீளம் 36. இந்நீளங்களுக்குரிய அதிர்வெண்கள் முறையே 289, 386, 434, 482 ஆகும். ஷட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் குறைய வேண்டியிருக்க, ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு நான்கே போதுமானதாக இருப்பதை நோக்குக. தம்பம் குறுகக் குறுகச் சிறிய மாற்றமும் சுரத்தைப் பெரிதும் உயர்த்தும்.

ஆனால் ஒரு துளையைத் திறப்பது அவ்விடத்தில் மூங்கிலை அறுப்பதற்கு முழுதும் ஈடாகாது. துளை, குழலின் உள் விட்டத்தளவு பெரிதாக இருந்தால்தான் ஏறக்குறைய அவ்வாறு ஆகும். சிறிய துளை அலையை முற்றிலும் திருப்பிவிடுவதில்லை. அலை துளையைக் கடந்து சற்றுத் தூரம் சென்றே திரும்புகிறது. ஆகையால் துளை சிறிதாயின் பயன்படு நீளம் மிகும், சுரம் தாழும். இக்காரணத்தால், சூத்திரம் கூறும் இடத்தைவிட வாய்த்துளைக்குச் சற்று அருகிலேயே துளையிட வேண்டியிருக்கிறது. விரல்களுக்கு எட்டும்படி துளைகளை ஏறக்குறைய ஒரே இடைவெளியில் அமைத்து, சுரத்தின் நுட்பமான வேறுபாட்டைத் துளையின் அளவால் சரிப்படுத்தவும் முடிகிறது.

குழல் செய்வோர் இவ்வுண்மையைக் கைப்பழக்கத்தால் அறிவர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் முதலில் சிறு துளையே இடுவர். ஊதிப் பார்த்துச் சுரம் தாழ்ந்திருக்கக் கண்டு, துளையைச் சிறிது சிறிதாக அகற்றுவர். வாய்த்துளையின் பக்கமாக அகற்றினால் சுரம் மேலும் விரைவாக ஏறும். இவ்வேலையில் ஒரு வழிப் பயணமே உண்டு. அகற்ற அகற்றச் சுரம் ஏறுமேயன்றி இறங்காது. அளவுக்கு மீறி அகன்ற துளையை மெழுகிட்டுக் குறைக்கலாம். இல்லையேல் அம்மூங்கில் வீண்தான்.

துளை சிறிதாயிருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. திறந்த துளையைக் கடந்தும் அலை சற்றுச் செல்வதால், அதற்கு அப்பால் உள்ள துளைகளை மூடினாலும் சுரம் தாழ்கிறது. ஒரு துளையைத் திறந்து அதற்குக் கீழுள்ளவற்றை மூடும் குறுக்கு விரலடைவுகள் இக்காரணத்தாலேயே பயன் தருகின்றன. துளைகள் மிகப் பெரியனவாக இருந்தால் இவ்வுபாயம் பலிக்காது.

விரலால் துளையை முழுதும் திறவாமல் ஓரளவே திறப்பதன் விளைவும் இதனால் விளங்கும். ரிஷபத்துக்குத் திறக்க வேண்டிய துளையிலிருந்து விரலை மெல்ல உருட்டி விலக்கினால், துளை ஊசிமுனை அளவிலிருந்து முழு அளவு வரை படிப்படியாகப் பெருகுகிறது. அதற்கேற்பத் தம்பத்தின் பயன்படு நீளம் 45 சென்டிமீட்டரிலிருந்து 40 வரை இடையறாது குறைகிறது. செவிக்குச் சுரம் தாவிச் செல்வதாகத் தோன்றாமல் வழுக்கிச் செல்வதாகத் தோன்றுகிறது. கருநாடக இசையின் கமகங்கள் குழலில் எழுவது இவ்வாறே. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904) குழலைத் தனிக் கச்சேரிக்குரிய கருவியாக நிலைநாட்டினார். பின்னர் வந்த டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) விரலடைவையும் உதட்டின் இயக்கத்தையும் மாற்றியமைத்து, வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலில் நிறைவாகக் கொணர்ந்தார். சாவிகளால் துளைகளை மூடித் திறக்கும் மேனாட்டுக் குழலில், துளையை இவ்வாறு சிறுகச் சிறுகத் திறப்பது எளிதன்று. விரல் நேராகத் துளையின்மீது படுவதே நம் குழலின் சிறப்பு.

குளிரும் வெப்பமும்

இப்பொழுது சாம்பியன் ரீப்ஸின் விடியற்காலைக்குத் திரும்பலாம். சுரத்தைத் தீர்மானிப்பது நீளம் மட்டுமன்று. அந்நீளத்தை அலை கடக்கும் காலம். காலமோ நீளத்தையும் ஒலியின் வேகத்தையும் ஒருங்கே பொறுத்தது. காற்றில் ஒலியின் வேகம் உஷ்ணநிலையோடு மாறுகிறது; ஒரு டிகிரி ஏறினால் வினாடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் மிகும். 27 டிகிரியில் 347 மீட்டராக இருந்த வேகம் 15 டிகிரியில் 340 ஆகக் குறைகிறது. ஷட்ஜத்தின் பயன்படு நீளம் 45 சென்டிமீட்டர். போய்வரும் தொலைவு 0.9 மீட்டர். 340-ஐ அதனால் வகுத்தால் 378 கிடைக்கிறது. கோடையில் 386 ஆக இருந்த ஷட்ஜம் மார்கழியில் 378 ஆகிவிட்டது.

ஆர்மோனியத்தில் அதிர்வது காற்றுத் தம்பம் அன்று, உலோக நாக்கு. குளிரால் அதன் சுரம் மிகச் சிறிதளவே மாறும். எனவே அது 386-ஐ ஒட்டியே நிற்கிறது. இரண்டையும் ஒருசேர ஒலிக்கும்போது வினாடிக்கு ஏறக்குறைய 8 விம்மல்கள் கேட்கின்றன. காதால் உணரப்பட்ட அவ்விம்மலே உஷ்ணநிலை வேறுபாட்டின் அளவாகும். சற்று நேரம் ஊதியபின் விம்மல் மெதுவாவதையும் காணலாம். ஊதுபவரின் வெதுவெதுப்பான மூச்சு குழலின் உட்காற்றைச் சூடாக்கிச் சுரத்தை உயர்த்துவதே காரணம். அனுபவமுள்ளவர் கச்சேரிக்கு முன் குழலை ஓசையின்றி ஊதி வெதுவெதுப்பாக்கிக்கொள்வது இதற்காகவே.

மேட்டு நிலத்தில் காற்று இலேசானது. அதனால்தான் சுரம் மாறுகிறது என்று கருதுவது பொருந்தாது. காற்றின் அழுத்தம் குறைந்தால் அதன் அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைகிறது. ஒலியின் வேகம் இவ்விரண்டின் விகிதத்தையே பொறுத்ததாதலால் உயரத்தினால் மட்டும் அது மாறுவதில்லை. இதற்குச் சாம்பியன் ரீப்ஸே தெளிவான சான்று தரும் இடமாகும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்படும் வரை இங்கு இயங்கிய சுரங்கம், தரைமட்டத்திலிருந்து 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்றது. அவ்வளவு ஆழத்தில் காற்றின் அழுத்தம் மேலே உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிகுந்திருக்கும். பாறையின் உஷ்ணநிலையோ 60 டிகிரியைத் தாண்டியது. மனிதர் வேலை செய்வதற்காக, குளிர்விக்கப்பட்ட காற்றை அனுப்ப வேண்டியிருந்தது.

மேலே 27 டிகிரியில் இருந்த ஒரு குழலை, 57 டிகிரிக் காற்று நிறைந்த ஆழமான ஒரு குகைக்குள் கொண்டுசென்றதாகக் கொள்க. அழுத்தம் மிகுந்ததால் சுரம் மாறாது. ஆனால் உஷ்ணநிலையைத் தனிப் பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 300 டிகிரி 330 ஆகிறது. ஒலியின் வேகம் இவ்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால், அது நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கு மிகுந்து 364 மீட்டர் ஆகும். ஷட்ஜம் 386-லிருந்து 404-க்கு உயரும். ஆர்மோனியத்தில் அடுத்த கட்டைக்குரிய அரைச் சுரம் 409. குழல் ஏறக்குறைய அந்த அளவுக்கு ஏறிவிடும்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். குழலின் எல்லாச் சுரங்களும் ஒரே விகிதத்தில் ஏறுகின்றன. ஒரே விகிதத்தில் இறங்குகின்றன. பஞ்சமத்துக்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள விகிதம் 3-க்கு 4 ஆகவே நிற்கும். ஆகையால் தனியே ஊதப்படும் குழலில் இம்மாறுதல் செவிக்குப் புலப்படுவதில்லை. நிலையான மற்றொரு கருவியோடு சேரும்போதே தெரிகிறது. இராகத்தின் உருவைக் காப்பவை பயன்படு நீளங்களின் விகிதங்கள். அவ்விகிதங்களைத் துளைகள் நிலைநிறுத்துகின்றன. உஷ்ணநிலையால் அவை கலைவதில்லை.

ஊதுபவர் செய்யத்தக்கது

மேனாட்டுக் குழலில் தலைப்பகுதியைச் சற்று வெளியே இழுத்துத் தம்பத்தை நீட்டிச் சுருதியைத் தாழ்த்த முடியும். ஒரே மூங்கிலாலான குழலில் அதற்கு வழியில்லை. ஆயினும் வாய்த்துளையின் மிகை நீளம் ஊதுபவர் வசத்தில் உள்ளது. குழலை உள்நோக்கித் திருப்பி உதட்டால் துளையை மேலும் மறைத்தால் மிகை நீளம் கூடிச் சுரம் தாழும். வெளிநோக்கித் திருப்பினால் சுரம் உயரும். மார்கழிக் காலையில் இறங்கிய 8 அதிர்வுகளை ஈடுசெய்ய, மொத்தப் பயன்படு நீளத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குறைத்தால் போதும். ஆறு சென்டிமீட்டர் முனைத் திருத்தத்தில் அவ்வளவு குறைப்பது பழகிய உதட்டுக்கு இயலக்கூடியதே.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 60 சென்டிமீட்டர் தம்பத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைவதும் 36 சென்டிமீட்டர் தம்பத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைவதும் ஒரே விளைவைத் தருவதில்லை. முன்னதில் அறுபதில் ஒரு பங்கே மாறுகிறது. பின்னதில் முப்பத்தாறில் ஒரு பங்கு மாறுகிறது. ஆகவே உதட்டால் ஷட்ஜத்தைச் சரிசெய்தவர், காந்தாரம் சற்று மிகையாக ஏறியும் கீழ்ப் பஞ்சமம் சற்றுக் குறைவாகவே ஏறியும் இருக்கக் காண்பார். ஒவ்வொரு சுரத்துக்கும் உதட்டைத் தனித்தனியே இணக்க வேண்டியிருக்கும். வேறுபாடு அதிகமாயின், அளவு சற்றுக் குறைந்த வேறொரு குழலை எடுத்துக்கொள்வதே முறை. குழல் வித்துவான்கள் பல சுருதிக் குழல்களை உடன் வைத்திருப்பது இதனாலேயாகும்.

பள்ளி ஆசிரியர் இவை யாவற்றையும் ஒரு மூங்கில் துண்டு, ஓர் அளவுகோல், ஓர் ஆர்மோனியம் ஆகியவற்றைக் கொண்டே காட்டலாம். குளிர்ந்த காலையில் ஒருமுறையும், நண்பகலில் ஒருமுறையும் அதே மூங்கிலை ஊதச் செய்து, ஆர்மோனியத்தின் ஒரே கட்டையோடு சேர்ந்து எழும் விம்மல்களை மாணவர்கள் எண்ணட்டும். சுவரில் தொங்கும் உஷ்ணமானியின் அளவையும் அருகே குறித்துக்கொள்ளட்டும். காலைக்கும் நண்பகலுக்கும் இடையே மூங்கிலில் மாறியது எதுவுமில்லை என்பதை அவர்கள் அளவுகோலாலும், மாறியது அதனுள்ளிருந்த காற்றே என்பதைத் தம் செவியாலும் அறிந்துகொள்வர்.